நான்கு மதிப்பெண்ணுக்கு ஒரு விண்ணப்பம்

கடன் கேட்டு எழுதும் கடிதத்தில் ஒரு வசதி உண்டு. கேட்பவர் கஷ்டத்தில் இருக்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் அந்த வசதி இல்லை. “ஐயா, நீங்கள் தவறாகத் திருத்திவிட்டீர்கள்” என்பதுதான் செய்தி. அதில் ‘ஐயா’வை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வேறு வழியில் சொல்ல வேண்டும்.

அரசு அலுவலகத்தில் கோப்பெழுதியே தலை நரைத்தவன் என்பதால், என் அண்ணன் மகள் இந்த வேலையை என்னிடம் கொண்டுவந்தாள். முதுகலைப் பொருளியல் படிக்கிறாள். பேரியல் பொருளியல் ஒப்படைப்பில் ஐம்பதுக்கு 41. அதில் ஒரு கேள்விக்கு ஐந்துக்கு ஒன்று போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ‘M கழியும்!’ என்று எழுதியிருந்தது. அந்த ஆச்சரியக்குறிதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நாலு மார்க் போனா போவட்டும் சித்தப்பா. ஆச்சரியக்குறி எதுக்கு?”

அவளே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். மூன்றே வரி. தன் விடை சரி, திருத்தியது தவறு, பாடநூலைப் பார்க்கவும். “இது கடிதம் இல்லம்மா. கடைசியில் ‘பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கத் தவறினால்’ என்று சேர்த்தால் பதினேழு பி மெமோ” என்றேன். அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை என்பதால் அவளுக்கு அது புரிந்தது.

பிறகு நான் ஒன்று எழுதினேன். ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கும் மாணவியாகிய நான், தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோரி, அடியிற்கண்ட விவரங்களைக் கருணை கூர்ந்து பரிசீலிக்குமாறு’ என்று தொடங்கிப் பக்கம் முடிகிற இடத்தில்தான் முதல் முற்றுப்புள்ளி வந்தது. அது இன்றும் எனக்குப் பிடித்த வாக்கியம். அவள் படித்துவிட்டு, “கருணை அடிப்படையில வேலை கேக்கிற மாதிரி இருக்கு சித்தப்பா” என்றாள். சொன்னதில் நியாயம் இருந்தது. கருணை கேட்டால் கருணை கிடைக்கலாம், ஆனால் விடை தவறு என்பதை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவளுக்கு வேண்டியது ஒரு பதிவைத் திருத்துவது.

அப்படியானால் விஷயம் எனக்குப் புரிய வேண்டும். புரியாத கோப்புக்குக் குறிப்பு எழுதும் திறமை எனக்கு உண்டு என்றாலும், வீட்டுக்குள் அதைக் காட்ட விரும்பவில்லை.

கேள்வி இதுதான். ஒரு நகை உற்பத்தியாளர் ஆண்டின் கடைசி மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்குத் தங்கக் கட்டி இறக்குமதி செய்கிறார். கட்டி விற்கப்படாமல், நகையாகாமல், ஆண்டு முடியும்போது பெட்டகத்தில் இருக்கிறது. வரிகளை விட்டுவிடுக. அந்த ஆண்டின் ஜிடிபி எவ்வளவு மாறும்? ‘மாறாது’ என்று இவள் எழுதியிருந்தாள். ‘10 லட்சம் குறையும்’ என்பது சாரின் விடைக்குறிப்பு.

சார் சொல்வதற்குக் காரணம், பொருளியல் மாணவர்கள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லும் சமன்பாடு:

Y = C + I + G + (X − M)

C மக்களின் நுகர்வு, I முதலீடு, G அரசின் செலவு, X ஏற்றுமதி, M இறக்குமதி. M-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கிறது. இறக்குமதி 10 லட்சம் கூடினால் Y 10 லட்சம் குறைய வேண்டியதுதானே? எனக்கும் முதல் பார்வையில் சார் பக்கம்தான் நியாயமாகப் பட்டது.

“அந்தக் கழித்தல் குறி எதுக்கு வந்துச்சுன்னு யோசிங்க” என்றாள்.

கடையில் பாத்திரத்தோடு எண்ணெயை நிறுத்துவிட்டு, பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறார்கள். கழிப்பதால் எண்ணெய் குறைவதில்லை. முதலில் பாத்திரமும் தராசில் ஏறிவிட்டது, அதனால் இறக்குகிறோம். மேலே உள்ள C, I, G எல்லாமே பாத்திரத்தோடு நிறுத்தவை. மக்களும் நிறுவனங்களும் அரசும் வாங்கியதில் எது உள்நாட்டுப் பொருள், எது வெளிநாட்டுப் பொருள் என்று பிரிக்காமல் மொத்தமாகக் கூட்டிவிடுகிறோம். வெளிநாட்டுப் பொருள் நம் உற்பத்தி இல்லையாதலால், உள்ளே ஏறியதைக் கடைசியில் M என்று மொத்தமாக வெளியேற்றுகிறோம்.

“சரிம்மா. ஆனா இந்தக் கட்டியை யாரும் வாங்கலையே. அது எதுல ஏறுச்சு?”

இங்கேதான் சார் வழுக்கியிருக்கிறார். முதலீடு என்றால் இயந்திரமும் கட்டடமும் மட்டும் இல்லை, சரக்கிருப்பில் ஏற்படும் மாற்றமும் அதில் அடங்கும். வந்து விற்காமல் கிடக்கும் கட்டி, சரக்கிருப்பில் 10 லட்சம் கூடுதல் என்று I-யில் ஏறுகிறது. அதே 10 லட்சம் M-இல் கழிகிறது. மிச்சம் பூஜ்யம். சார் இரண்டாவது பதிவை எழுதி, முதல் பதிவை விட்டுவிட்டார். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால், வரவு வைக்காத பொருளுக்கு வழங்கல் காட்டிவிட்டார். தணிக்கையில் தப்பாது.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஜிடிபியைச் செலவு வழியாகவும் கணக்கிடலாம், உற்பத்தி வழியாகவும் கணக்கிடலாம். கொள்கையளவில் இரண்டும் ஒரே எண்ணாக வர வேண்டும். உற்பத்தி வழியில் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தக் கட்டியின் மேல் உள்நாட்டில் யார், எவ்வளவு மதிப்பு கூட்டினார்கள்? பெட்டகத்தைப் பூட்டியவரைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. மதிப்புக் கூடுதல் பூஜ்யம். ஒரு வழியில் பூஜ்யமும் இன்னொரு வழியில் கழித்தல் 10 லட்சமும் வந்தால், எங்கோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஆண்டு அந்தக் கட்டி நகையாகி 11.5 லட்சத்துக்கு விற்கிறது என்று வையுங்கள். சரக்கிருப்பு 10 லட்சம் குறையும், வாங்கியவர் செலவு 11.5 லட்சம் ஏறும், ஜிடிபிக்குக் கிடைப்பது 1.5 லட்சம். பத்தரும் கடைக்காரரும் உழைத்தது அவ்வளவுதான். சார் கணக்குப்படி சரக்கிருப்பே கிடையாது என்பதால், முதல் ஆண்டு நாடு 10 லட்சம் இழந்து, அடுத்த ஆண்டு ஒரே கல்யாணத்தில் 11.5 லட்சம் மீண்டெழும்.

(நம் நாட்டு தேசியக் கணக்கில் தங்கத்துக்கு மரியாதை அதிகம். செலவுப் பட்டியலில் ‘மதிப்புமிகு பொருள்கள்’ என்று அதற்கும் வெள்ளி, ரத்தினங்களுக்கும் தனி வரியே இருக்கிறது. அதே பட்டியலின் கடைசிப் பக்கம் ‘முரண்பாடுகள்’ என்று இன்னொரு வரியும் பல ஆண்டுகளாக வந்திருக்கிறது. இரண்டு வழியில் போட்ட கணக்கும் ஒத்துவராதபோது மிச்சத்தைப் போட்டுவைக்கும் இடம் அது. புள்ளியியல் அமைச்சகமே தன் கணக்கில் முரண்பாட்டை அச்சிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. கல்லூரிகளின் விடைக்குறிப்பிலும் அப்படி ஒரு வரி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

விஷயம் புரிந்ததும் கடிதத்துக்கு இன்னொன்று தேவைப்பட்டது: சார் வெளியே வருவதற்கு ஒரு கதவு. அவர் சொன்னது வேறோர் இடத்தில் உண்மையாக இருக்குமா என்று கேட்டேன். இருக்கிறதாம். பெருக்கி என்று ஒன்று. கூடும் ஒவ்வொரு ரூபாய் வருமானத்திலும் 80 காசு செலவாகும் நாட்டில், அரசு ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால் வருமானம் சுற்றிச் சுற்றி 5 ரூபாய் கூடும். அந்த 80 காசில் 20 காசு இறக்குமதிப் பொருளுக்குப் போனால், கூடுவது 2.50 மட்டும். உள்நாட்டுக் கடைக்குப் போக வேண்டிய பணம் வெளியே கசிவதால் வரும் விளைவு இது. சார் இதை வகுப்பில் அழகாக நடத்தினாராம். கேள்வியில் அப்படி யாரும் உள்நாட்டுச் செலவைக் குறைக்கவில்லை. ஆனாலும் கதவு கிடைத்துவிட்டது.

கடைசியில் போன கடிதம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: பேரியல் பொருளியல் ஒப்படைப்பு, கேள்வி 7 – மறுபார்வை வேண்டுதல்.

விற்காத தங்கக் கட்டி குறித்த கேள்விக்கு ஜிடிபி மாறாது என்று எழுதியிருந்தேன். இறக்குமதி 10 லட்சம் கழிவதோடு, அதே தொகை சரக்கிருப்பு மாற்றமாக முதலீட்டில் சேரும் என்று எடுத்துக்கொண்டேன். உற்பத்தி வழியில் பார்த்தாலும் மதிப்புக் கூடுதல் பூஜ்யமாக வருகிறது. பெருக்கி பாடத்தில் தாங்கள் விளக்கியபடி, இறக்குமதியால் உள்நாட்டுச் செலவு குறைந்தால் வருமானம் குறையும் என்பது புரிகிறது. இந்தக் கேள்வியையும் அப்படித்தான் படிக்க வேண்டுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை. என் படிகளில் எது தவறு என்று சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன். விடைத்தாளை இணைத்துள்ளேன்.

தங்கள் மாணவி”

மதிப்பெண் என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நகல்: துறைத்தலைவர்’ என்று அடியில் ஒரு வரி போடுவது என் கையின் பழக்கம், போட்டேன், அவள் அடித்தாள். நகல் போனால் வேண்டுதல் புகாராகிவிடும். கொடுக்கும் நேரத்தையும் பார்த்தோம். ஆசிரியர் அறையில் நாலு பேர் டீ குடிக்கும்போது நீட்டினால், சார் அந்த நாலு பேருக்காகப் பதில் சொல்லுவார். அவர் தனியாக இருந்தபோது கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் விடைத்தாள் திரும்பியது. ‘சரக்கிருப்பு சரி. உற்பத்தி வழிச் சரிபார்ப்பை விடையிலேயே எழுதியிருக்க வேண்டும். +3’ என்று அதே சிவப்பு மையில் இருந்தது. ஆச்சரியக்குறி இல்லை. அன்று வகுப்பில், விற்காத இறக்குமதிச் சரக்கை I-யில் சேர்க்க மறப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை என்று சார் விரிவாக எச்சரித்தாராம்.

ஆக 41 என்பது 44 ஆனது. ஒப்படைப்பின் ஐம்பதை அகமதிப்பீட்டுக்கு ஐந்தாகச் சுருக்குவார்கள். 41 என்றால் 4.1, 44 என்றால் 4.4. அரைக்குக் கீழே இருந்தால் அலுவலகம் தசமத்தை வெட்டிவிடும். முன்பும் 4, இப்போதும் 4. அந்த நான்காவது மதிப்பெண்ணும் வந்திருந்தால் 4.5 ஆகி, 5 என்று பதிந்திருப்பார்கள்.

அதற்கு இரண்டாவது கடிதம் எழுதலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.