கண்ணனிடம் சாக்கு செல்லாது

கேள்வி: பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. பிறகு குரூப்-4 தேர்வுக்கு எதற்குப் படிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், புளியறை

பதில்: நல்ல சாக்கு! ஆனால் கண்ணன் முந்திக்கொண்டார். இரண்டாம் அத்தியாயத்தின் 47-வது சுலோகம், ‘சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே’ என்றுதான் முடிகிறது. அந்தக் கடைசிப் பகுதி மட்டும் நமக்கு வசதியாக மறந்துவிடும்.

தேர்வில் 200 கேள்விகள், 180 நிமிடங்கள். ஒன்றுக்கு 54 விநாடி. நடுவில் ‘கட்-ஆஃப் எவ்வளவு வருமோ?’ என்று ஒரு நிமிடம் கவலைப்பட்டால் ஒரு கேள்வி போச்சு. காலியிடங்களும் போட்டியும் உங்கள் கையிலா இருக்கின்றன? கையில் இருப்பது அடுத்த கேள்விதான்.

உங்கள் ஊர் தட்சிணாமூர்த்தியிடம் வேண்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் கல்லால மரத்தடியில் உட்கார்ந்தது பாடம் நடத்த; ரிசல்ட் போட அல்ல.