கடுவன் மேல் சந்தேகம்

கேள்வி: எங்கள் முழுக் கறுப்புப் பூனை நான்கு குட்டி போட்டது. இரண்டு கறுப்பு. மற்ற இரண்டிலும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்திருக்கின்றன. பக்கத்து வளவு மஞ்சள் கடுவன்தான் தகப்பன் என்கிறேன், வீட்டுக்காரர் மறுக்கிறார்.
– வாசகி, பரந்தன்

பதில்: ஒரு மஞ்சள் கடுவன் வந்து போயிருக்கிறது. எந்த வளவுக் கடுவன் என்று நிறம் சொல்லாது. கறுப்பா செம்மஞ்சளா என்பதைத் தீர்க்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்குட்டிக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாய் கொடுத்தது. ஆகவே கறுப்புத் தாயின் மகன்களுக்குத் தகப்பனின் மஞ்சள் வராது. மகளுக்குத் தகப்பனும் ஓர் எக்ஸ் கொடுக்கிறான். கலவை நிறம் அங்கேதான் பிறக்கிறது. உங்கள் இரண்டு கலவைக் குட்டிகளும் பெண் என்று பந்தயம் கட்டுகிறேன். கறுப்புக் குட்டிகள் ஆண் என்றால் கணக்குச் சரி. அதில் ஒன்று பெண்ணாக இருந்தால் இன்னொரு கடுவனையும் தேடவேண்டும். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் பூனைக்குப் புதிதல்ல. (முழு வெள்ளைக் கடுவன் ஏதும் அயலில் உண்டா? வெள்ளைக்கு அடியில் மஞ்சள் ஒளிந்திருக்கலாம்.)

கேள்வி: இரண்டு நிறமும் கலந்து மண்ணிறமாகாமல் ஏன் திட்டுத் திட்டாக நிற்கிறது?
– மாணவன், முள்ளியவளை

பதில்: ஒரு கலத்துக்கு ஓர் எக்ஸ் போதும். பெண் முளையம் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றை மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பது குருட்டுச் சீட்டு. அந்தக் கலத்திலிருந்து பெருகும் கலங்களெல்லாம் அதே எக்ஸை மூடியே வைத்திருக்கும். மஞ்சள் எக்ஸ் திறந்திருக்கும் நிறமிக் கலங்கள் செம்மஞ்சளையும், மற்றவை கறுப்பையும் மயிருக்குக் கொடுக்கின்றன. இந்த மூடலை 1961இல் எலிகளைக் கொண்டு விளக்கியவர் மேரி லயன். மஞ்சளுக்குக் காரணமான இடம் பிடிபட்டதோ மிகப் பிந்தி: 2025இல் ஜப்பானிய, அமெரிக்கக் குழுக்கள் அதை வெளியிட்டன. எக்ஸில் ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டிருக்கிறது. அதனால் பக்கத்திலுள்ள ஒரு பரம்பரையலகு நிறமிக் கலத்தில் வழமைக்கு மாறாக விழித்துக்கொண்டு, கறுப்பு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது.

கேள்வி: வெள்ளையும் சேர்ந்த பூனையில் மட்டும் கறுப்பும் மஞ்சளும் பெரிய பெரிய திட்டாக இருப்பதேன்?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: வெள்ளைக்கு வேறு பரம்பரையலகு, அது எக்ஸில் இல்லை. நிறமிக் கலங்கள் முளையத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து உடலெங்கும் பரவ வேண்டும். இந்தப் பூனைகளில் அவை குறைவு. போய்ச் சேராத இடம் வெள்ளை. போய்ச் சேர்ந்த ஒவ்வொன்றும் நெருக்கம் இல்லாததால் தன் வம்சத்தைப் பரந்த இடத்தில் குடியேற்றுகிறது. வயிறு வெளுத்திருப்பதும் அதனால்தான்.

கேள்வி: மூவர்ண ஆண் குட்டி ஒன்றுக்குப் பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வவுனியா வாசகர்

பதில்: முதலில் ஆண்தானா என்று பாருங்கள். இத்தகைய நிறப் பூனைகளில் ஏறத்தாழ 3000இல் ஒன்றுதான் ஆண் என்பார்கள். பெரும்பாலும் அதற்கு எக்ஸ் இரண்டும் வையும் இருக்கும், குட்டிக்குத் தகப்பனாகாது. வளர்க்க ஆசையென்றால் வாங்குங்கள். இனம் பெருக்கி விற்கும் யோசனையென்றால் காசைக் கையில் வைத்திருங்கள்.