ஓடும்போதே ஸ்டாண்டு போட்டுக்கொள்ளும் வண்டி

மதிப்பிற்குரிய ஷோரூம் மேலாளர் அவர்களுக்கு,

டெலிவரி அன்று சாவியோடு லட்டும் கொடுத்து அனுப்பினீர்கள். அந்தப் பாசத்தை என் ஸ்கூட்டர் இன்னும் மறக்கவில்லை. ஊரில் எங்கே போனாலும் கடைசியில் உங்கள் சர்வீஸ் சென்டர் வாசலில்தான் வந்து நிற்கிறது.

அதன் குறை ஒன்றே ஒன்றுதான். வேகத்தடையில் ஏறி இறங்கினால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மீட்டரில் சைடு ஸ்டாண்டு விளக்கு மினுக்கென்று எரிகிறது. ஸ்டாண்டோ ஒழுங்காக மடங்கியே இருக்கிறது. நான் இதைச் சொல்லச் சொல்ல, உங்கள் சர்வீஸ் அட்வைசர் தலையாட்டியபடி ஜாப் கார்டில் எழுதுவது: ‘ஜெனரல் செக்கப்’.

அடுத்து ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, “எரர் எதுவும் காட்டலை சார், வண்டி பக்கா” என்கிறார். எப்படிக் காட்டும்? ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காகத்தான் அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதன் வயர் கப்ளர் தளர்ந்திருந்தாலோ உள்ளே ஈரம் புகுந்திருந்தாலோ, குலுங்கும்போது இணைப்பு விட்டுப்போகும். வண்டியின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இது பழுதே இல்லை. பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் நான் ஸ்டாண்டு போட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

இதற்கு மருந்தாக நீங்கள் மாற்றியவை ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும். இரண்டும் தேய்மானப் பொருள்கள், வாரண்டியில் வராதவை, ஆகவே பில் என் பெயரில். வாரண்டியில் வரும் அந்தச் சுவிட்சின் மேல் மட்டும் உங்கள் மெக்கானிக்கின் கை தவறிக்கூடப் படுவதில்லை. என்ன ஒரு கைநேர்த்தி! ஏன் என்று கேட்டால், “பெட்ரோல் எந்த பங்க்ல போடுறீங்க சார்?” என்ற கேள்விதான் பதில்.

இனி என் வேண்டுகோள். ஜாப் கார்டில் என் புகாரை நான் சொன்னபடியே, கிலோமீட்டர் அளவோடு எழுதி நகல் தாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்றே எழுதிக்கொண்டு போனால், வாரண்டி முடிந்த மறுநாள் “இந்தக் கம்ப்ளெயின்ட் முன்னாடி வந்ததே இல்லையே சார்” என்பீர்கள். அடுத்து, சுவிட்சையும் கப்ளரையும் புதிதாக மாற்றி, அட்வைசரையே ஓட்டவைத்து வேகத்தடையில் ஏற்றிக் காட்டுங்கள். பின்னால் நான் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொள்கிறேன். பிளக், ஃபில்டருக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

முடியாது என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையமும் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. உங்களிடம் இலவசமாகக் கிடைப்பது வாட்டர் வாஷ் ஒன்றுதான்.

இப்படிக்கு,
வாரண்டி இன்னும் முடியாத வாடிக்கையாளர்

பி.கு.: இந்த முறை அந்த வாட்டர் வாஷும் வேண்டாம். பிரஷர் பம்பால் நீங்கள் ஸ்டாண்டுப் பக்கம் அடித்து அனுப்பும் நாளில்தான் வண்டி அதிகமாக நிற்கிறது.