சாவி கொடுத்த பிறகு

கேள்வி: கிராண்ட்பாஸில் ஓர் அம்மாவின் வீட்டை விற்றுக் கொடுத்தேன். நன்றி சொல்லி, என்னைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரும்படி எப்படிக் கேட்பது?
– காணித் தரகர், கொழும்பு 14

பதில்: கையொப்பம் வைத்த அன்றே கேட்காதீர்கள், விதைத்த அன்றே மாங்காய் பறிக்க முடியாது. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதி பதிவாகி, லைட் பில்லும் தண்ணீர் பில்லும் வாங்கியவர் பெயருக்கு மாறியதும் இப்படி எழுதுங்கள்:

“அம்மா, உறுதி பதிவாகிவிட்டது. பழைய வீட்டு பில்கள் இனி உங்கள் பெயரில் வராது. பிள்ளைகள் வளர்ந்த வீட்டை என்னை நம்பி ஒப்படைத்தீர்கள், மிக்க நன்றி. விற்கும்போது எதற்குப் பயந்தீர்கள், அதில் நான் என்ன செய்தேன் என்று இரண்டு வரி எழுதித் தருவீர்களா? முடியாவிட்டாலும் குறையில்லை.”

இப்படிக் கேட்டால்தான் பதிலில் சத்து இருக்கும். ‘நல்ல தரகர்’ என்று யாருக்கும் எழுதலாம். ‘தீர்த்த பழைய ஈடு பதிவேட்டில் நீக்கப்படாமல் கிடந்ததை, முற்பணம் வாங்குமுன்பே கண்டு சொன்னார்’ என்பது உங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

அவர் எழுதியதைத் திருத்தாதீர்கள். விலையையும் வீட்டு இலக்கத்தையும் வெளியிடாதீர்கள். பெயர் போடச் சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள்.