பாக்கி இல்லாத மனிதர்

ஐயாக்கள் காலத்தில் எல்லாம் வரிசைப்படி நடந்தது. மீசை சரியாக முளைப்பதற்குள் கல்யாணம். அது முடிந்த கையோடு கொண்டுவிக்கப் போவார்கள். ரங்கூனோ பினாங்கோ, கடையில் மூன்று வருஷக் கணக்கு. கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறி வந்தால் வீட்டில் ஆச்சி காத்திருப்பார். பிரிவு இருந்தது, கடன் இருந்தது, கப்பல் வாந்தி இருந்தது. கல்யாணம் ஆகுமா ஆகாதா என்ற கேள்வி மட்டும் இல்லை. பேரன் காலத்தில் வரிசை புரண்டுவிட்டது. அவனும் கொண்டுவிக்கத்தான் போனான், சிங்கப்பூருக்கு. தனி ஆளாகப் போனான், தனி ஆளாகவே திரும்பி வந்தான். நடுவில் 11 வருஷம் போயிருந்தது.

இந்தப் பேரன்களில் ஒரு வகையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காரைக்குடியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெயர் எதுவானாலும் பொறுப்பண்ணன் என்று கூப்பிட்டால் பொருந்தும். வயது 37. தங்கச்சி கல்யாணத்துக்குக் கழுத்திரு செய்தது அவர். தலைத் தீபாவளிச் சீர் செய்து, பிள்ளை பெற்றதும் செய்ய வேண்டியதைச் செய்து, அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர். தம்பியை இன்ஜினீயர் ஆக்கினார். வளவு வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்டவர். ஓடு மாற்ற வேண்டும் என்றால் மட்டும் பங்காளி ஒருவர்தான். அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் மணிவிழா நடத்தி, பந்தி முடிகிற வரை நின்று பார்த்தார். ஊரே வாழ்த்திவிட்டுப் போன பிறகுதான் ஒரு பெரியவர் கேட்டார்: “அப்பச்சிக்கு ரெண்டாந்தரம் தாலி கட்டிப் பார்த்தாச்சு. தம்பிக்கு மொதத் தரம் எப்பவாம்?”

நகரத்தார் கணக்கில் இந்தக் கேள்விக்குச் சிரிப்பைத் தாண்டிய எடை உண்டு. கோயில் கணக்கில் கல்யாணமானவர்தான் ஒரு புள்ளி. புள்ளி வரி அந்த எண்ணிக்கையில்தான் வசூலாகும். துணையை இழந்தவர் அரைப் புள்ளி. கல்யாணமாகாத மகன் எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் அப்பச்சியின் புள்ளிக்குள்ளேதான் அடக்கம். ஆக, வீட்டையே தூக்கி நிறுத்திய நம் அண்ணன் கோயில் நோட்டில் இன்னும் ஆளே இல்லை.

அவருக்குக் காதல் வந்த இடம் ஒரு வங்கிக் கிளை. வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய கடைசிக் கடனை அடைத்துவிட்டு, மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கப் போயிருந்தார். கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண், வயது 35. பத்திரத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இனிமே உங்களுக்கு ஒரு பாக்கியும் இல்ல சார்” என்றார். 14 வருஷத்தில் யாரும் அவரிடம் சொல்லாத சொல் அது. அண்ணனுக்குக் காலுக்கடியில் ஆத்தங்குடிக் கல் நழுவியது போல் இருந்தது. வெளியே வந்து வண்டியை எடுத்தவர், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொப்புடையம்மன் கோயிலை இரண்டு சுற்றுச் சுற்றினார். வண்டியிலேயே.

முப்பதுக்கு மேல் முதல் காதல் வந்தவரைக் கூச்ச சுபாவி என்று ஊர் நினைக்கிறது. தப்பு. வெளிநாட்டு முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்டவருக்கு என்ன கூச்சம்? அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்வது. பிறருக்குச் செய்தே பழகிய கை, காதலையும் இன்னொரு பொறுப்பாகத்தான் பிடிக்கும். இருபது வயதுப் பையன் காதலித்தால் கவிதை எழுதுவான். இவர் அந்த அம்மாவின் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்ப்பார். ஒருவர் இந்தக் கட்டத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டுமா? “பிடிச்சிருக்கு” என்ற சொல் வாயிலிருந்து வரும் முன்பே எதிராளியின் ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பித்திருப்பார்.

குறுஞ்செய்திகளும் அப்படியே. “மேடம், வணக்கம். நாளை மின்தடை காலை 9 முதல் 5 வரை. தங்கள் தகவலுக்காக.” அந்தப் பக்கமும் சளைத்ததில்லை. அவரும் தகப்பன் இல்லாத வீட்டின் மூத்த மகள். தம்பியைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவர். “குறித்துக்கொண்டேன், நன்றி” என்று பதில் வரும். மூன்று மாதம் இப்படி நடந்த கடிதப் போக்குவரத்தைக் காதல் என்று இருவரைத் தவிர யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இருவருமே ஒத்துக்கொண்டார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அப்புறம் சந்திக்க வேண்டுமே. காரைக்குடியில் இது லேசான காரியமில்லை. செக்காலை ரோட்டில் காப்பிக்கு உட்கார்ந்தால், டபரா மேஜைக்கு வருமுன் அயித்தையிடமிருந்து போன் வந்துவிடும்: “தம்பி, காப்பி குடிக்கிறியாமே, கூட யாரு?” கானாடுகாத்தானுக்குப் போகலாம், அங்கே பெரிய வீடு பார்க்க வருவது வெளியூர்க்காரர்கள்தானே என்று யோசித்தார். போனால் வாசலில் நின்ற காவல்காரர், “அடடே, நம்ம வீட்டுத் தம்பி!” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் திருமயம். மாவட்டம் தாண்டிப் புதுக்கோட்டை எல்லை; பாறைமேல் 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை; கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரை. கோட்டைக்குள் குடைக்குக் கீழே கல்லூரிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். நம் ஜோடி நெருங்கியதும் குடைகள் மடங்கின. பிள்ளைகள் எழுந்து நின்று, “உக்காருங்க சார்” என்று நிழலை விட்டுக் கொடுத்தார்கள். யாரோ ஒருத்தியின் பெற்றோர் தேடி வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். டிக்கெட் கொடுத்தவர் பாசமாகக் கேட்டார்: “பசங்க மேல ஏறிட்டாங்களா?” அண்ணன் வழக்கப்படி பொறுப்பாக, “பார்த்துக்கிறேன்” என்றார்.

மேலே பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் கேட்ட கேள்விதான் அவரை மடக்கிவிட்டது. “உங்களுக்கு என்ன பிடிக்கும்?”

“அப்பச்சிக்குக் கவுனி அரிசி. ஆத்தாவுக்குக் கந்தரப்பம், ஆனா சர்க்கரை இருக்கு. தம்பிக்கு…”

“உங்களுக்குன்னு கேட்டேன்.”

பொறுப்பண்ணன் யோசித்தார். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகு மிச்சம் என்ன இருக்கிறதோ அதைத் தின்று வளர்ந்தவர். வெள்ளைப் பணியாரம் மிஞ்சினால் வெள்ளைப் பணியாரம் பிடிக்கும். ரசம் மட்டும் மிஞ்சினால் ரசம். விருப்பம் என்ற இடத்தில் அவருக்கு மிச்சம்தான் இருந்தது. “எல்லாமே பிடிக்கும்” என்றார். அந்தப் பெண் விடவில்லை. இறங்கி வந்து சாப்பாட்டுக் கடையில் அட்டையை அவர் கையில் கொடுத்து, விலையைப் பார்க்காமல் ஒன்று சொல்லுங்கள் என்றார். அண்ணன் அட்டையின் வலது ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தார். கல்லாவுக்குப் பின்னால் கடிகாரம் பத்து நிமிஷம் நகர்ந்தது. கடைசியில் நண்டு வறுவல் என்றார். வந்ததும் முதல் காலை உடைத்து அந்தப் பெண்ணின் இலையில் வைத்தார். அவர் அதை எடுத்து இவர் இலையிலேயே திருப்பி வைத்தார். நான் கேள்விப்பட்ட வரையில் அவர்கள் காதல் தொடங்கியது அந்த நண்டுக் காலில்.

அதற்கு அப்புறமும் வினை வந்தது. தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் என்று அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று மாலையே இவர் அந்தப் பணத்தை அனுப்பிவிட்டார். பதில் வந்தது: “நான் உங்ககிட்ட லோன் கேட்டேனா?” நான்கு நாள் மின்தடைச் செய்திக்குக்கூடப் பதில் இல்லை. அவருக்குப் புரியவில்லை. அவர் அகராதியில் பணம் அனுப்புவதுதான் பாசம். அந்தப் பெண்ணோ 13 வருஷமாகச் சொந்தச் சம்பளத்தில் ஒரு வீட்டை ஓட்டியவர். அந்தக் கர்வத்தின் மேல் இவர் ரூபாயை வைத்துவிட்டார். பணம் திரும்பி வந்தது, அத்தனை நாளைக்கு வட்டியோடு. வட்டி எந்த விகிதம் என்று அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். சேமிப்புக் கணக்கு விகிதம்தான். கொஞ்சம் மனத்தாங்கல்.

சமாதானமான பிறகு வந்தது நிஜமான இடி. வரும் சங்கடஹர சதுர்த்திக்கு, “நான் வழக்கமா பிள்ளையார்பட்டி போவேன், நம்ம கோயில்ல” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். அண்ணன் இரணியூர்க் கோயில். ஒன்பது நகரக் கோயிலில் ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள் என்பது பொதுவிதி. அதோடு இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை. ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுப்பதில்லை. முதல் காதல் முறைப்படி தங்கச்சியாக முடிந்ததை எண்ணி அண்ணன் ஒரு வாரம் சாப்பிடவில்லை. மிச்சமே நிறைய மிஞ்சியது. நேரில் கேட்கத் தைரியமில்லை, இந்த வயதில் “நீங்க எந்தக் கோயில்?” என்று கேட்டால் தரகர் மாதிரி இருக்குமே என்ற தயக்கம். கடைசியில் ஆத்தாவே மோப்பம் பிடித்து, வேறு வழியாக விசாரித்து முடித்தார். “அவுக வேலங்குடியாம்டா. பிள்ளையாரைக் கும்பிட எல்லாரும்தான் பிள்ளையார்பட்டி போறாக. நம்ம கோயில்னா பங்கா எழுதிக் கொடுத்துட்டாக?”

ஆத்தாவுக்குக் காதல் என்பதில் கோபமில்லை. பத்து வருஷமாகச் சாதகத்தை நகல் எடுத்துத் தாம் அலைந்திருக்க, மகன் ஒரு வங்கிக் கவுண்டரில் காரியத்தை முடித்துக்கொண்டானே என்பதுதான் வருத்தம். தங்கச்சி வந்தார், அழுதார், ஏன் அழுகிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை. இனி அவசரத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டால் போனை அண்ணமிண்டி எடுப்பாரோ என்ற கவலையாக இருக்கலாம். தம்பி மட்டும், “உனக்கும் இதெல்லாம் உண்டா அண்ணே?” என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் அவரை மரியாதையோடு பார்த்தான்.

இப்போது முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. இரண்டு கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். மாலை வராமல் நகரத்தார் கல்யாணம் நிறைவாகாது. அதற்குச் சொல்லி அனுப்புவதிலிருந்து வேவுச் சாமான் வரை அண்ணன் கணினியில் ஒரு பட்டியல் போட்டார். இடது பக்கம் வேலை, வலது பக்கம் பொறுப்பு. எல்லா வரிசையிலும் வலது பக்கம் அவர் பெயரே இருந்தது. பட்டியல் வங்கிக்காரம்மாவின் பார்வைக்குப் போனது. திரும்பி வந்தபோது சமையல் தம்பிக்கு, பந்தல் பங்காளிகளுக்கு, வண்டி வாகனம் தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்று மாறியிருந்தது. கடைசியில் புதிதாக ஒரே ஒரு வரி சேர்ந்திருந்தது. வேலை: மணையில் உட்காருவது. பொறுப்பு: நீங்கள்.

அண்ணன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு எதிரே ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பினார்: “இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?”