பந்திக்கு ஒரு பார்வையாளர் வேண்டும்

பெறுநர்: இந்தியத் தேர்தல் ஆணையம், நிர்வாச்சன் சதன், புது தில்லி.
அனுப்புநர்: மணப்பெண்ணின் தகப்பன், பொத்தேரி, செங்கல்பட்டு மாவட்டம்.
பொருள்: வரும் சனிக்கிழமை மாலை என் மகளின் திருமண வரவேற்பில், சாப்பாட்டு ஹாலுக்குப் பார்வையாளர் ஒருவரை அனுப்பி வைக்கக் கோருதல்.

ஐயா,

ஜென்மப் பகையாளிகளை ஒரே அறையில் உட்கார வைத்து, சட்டை கிழியாமல் வீட்டுக்கு அனுப்பும் அனுபவம் இந்த நாட்டில் உங்களுக்குத்தான் இருக்கிறது. வாக்கு எண்ணும் கூடத்தில் பொதுவாக 14 மேஜை போடுகிறீர்கள். மேஜைக்கும் முகவர்களுக்கும் நடுவில் கம்பி வலை. முதலில் தேசியக் கட்சி, அடுத்து மாநிலக் கட்சி, வெளிமாநிலக் கட்சி, அங்கீகாரம் இல்லாத கட்சி, கடைசியில் சுயேச்சை என்று நாற்காலிக்கு வரிசையும் வைத்திருக்கிறீர்கள். சட்டையில் குத்திய பேட்ஜில் மேஜை எண் இருக்கும், அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்று சட்டம் போட்டு, ஊர் ஊராகக் கண்காணிக்கிறீர்கள். என் இரண்டு அண்ணன்களும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் 11 வருடம் ஆகிறது. யாரும் கண்காணிக்கவில்லை, ஒரு முறைகூட விதிமீறல் இல்லை. காரணம், பாகப்பிரிவினையில் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் இருந்த மனையில் வேலி கால் சென்ட் தள்ளி விழுந்ததுதான். அந்த மனையை இருவருமே விற்றாயிற்று. இப்போது அங்கே மூன்று மாடி மாணவர் விடுதி நிற்கிறது. சண்டை மட்டும் பத்திரமாக அவரவர் பெயரில் இருக்கிறது.

சிக்கல் இதோடு நின்றால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அண்ணிமார் இருவரும் கூடப்பிறந்த அக்கா தங்கை. வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் தினமும் போனில் பேசிக்கொள்கிறவர்கள். கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வேண்டும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லிவிட்டார்கள். அதாவது கணவன்மார் ஒருவர் கண்ணில் ஒருவர் படக் கூடாது, மனைவிமார் தோள் இடிக்க உட்கார வேண்டும். உங்கள் கையேட்டில் இதற்கு விதி இருந்தால் பக்க எண் தெரிவிக்கவும்.

என் மகள் ஒரு வழி சொன்னாள். வட்ட மேஜை போட்டு, மேஜைக்குப் பத்து பேர் என்று பெயர் அட்டை வைத்துவிடலாம் என்றாள். வட்ட மேஜையில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தாக வேண்டும் என்பது முதல் ஆபத்து. அட்டை அதைவிடப் பெரியது. இரண்டு அண்ணன்களுக்கும் மூன்று மேஜை தள்ளித் தள்ளி அட்டை வைத்தால், அவர்களுக்குள் பேச்சு இல்லை என்பதை நானே அச்சடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு விநியோகம் செய்த மாதிரி. வியட்நாம் போருக்காகப் பாரிஸில் 1968இல் கூடியவர்கள், மேஜை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்காக மாட்டிக்கொண்டார்கள். 1969 ஜனவரியில்தான் ஒரு வட்ட மேஜை, அதை ஒட்டாமல் இரண்டு சின்னச் செவ்வக மேஜைகள் என்று முடிவாயிற்று. பெயர்ப் பலகையோ கொடியோ வைக்கவில்லை. போரை நிறுத்த வந்தவர்களே பலகையைத் தவிர்த்திருக்கிறார்கள், நான் சாம்பார் சாதம் போடுகிறவன்.

ஆகவே பழையபடி நீள மேஜைதான். நாங்கள் பிடித்திருக்கும் மண்டபத்தில் ஆறு வரிசை, வரிசைக்கு இருபது இலை. ஒரு பந்திக்கு 120 பேர். வருகிறவர்கள் அறுநூறு என்றால் ஐந்து பந்தி. பந்திக்கு நாற்பது நிமிடம் வைத்தால், ஏழு மணிக்கு ஆரம்பித்தது பத்து இருபதுக்கு முடியும். பெரியவரை முதல் பந்தியிலும் சின்னவரை இரண்டாவதிலும் உட்கார வைப்பதுதானே சுலபம் என்று தில்லியில் தோன்றும். “அவன் எழுந்த இலையை எடுத்துட்டு எனக்குப் போடுவியா?” என்று சின்ன அண்ணன் கேட்டால் அதற்குப் பதில் ஆணையத்திடமும் இருக்காது. ஆக, இருவரும் முதல் பந்தியில்தான்.

இனி எந்த வரிசை என்பது. வேறு வேறு வரிசையில் போட்டால், எதிரெதிர் பார்த்த வரிசைகளில் நேருக்கு நேர் முகம் தெரியும், நாற்பது நிமிடம் முறைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அதனால் ஒரே வரிசை, ஒரே பக்கம், இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். நடுவில் பதினெட்டுப் பேர். குனிந்து எட்டிப் பார்த்தால் ஒழிய தெரியாது, எட்டிப் பார்ப்பது இரண்டு பேருக்குமே கௌரவக் குறைச்சல். நடுவில் சம்பந்தி வீட்டு ஆண்கள் பத்துப் பேரை வைக்கிறேன். சம்பந்தி முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் குரல் உயர்த்திய சரித்திரம் இல்லை. கம்பி வலைக்கு நாங்கள் அவர்களைத்தான் பயன்படுத்துகிறோம், அவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

அண்ணிகளுக்குப் பின்வரிசை. பேரக் குழந்தைக்கு ஊட்ட இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி ஒன்றாக உட்கார வைத்துவிடலாம். குழந்தை இருக்கும் இடத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை.

பரிமாறுவதிலும் ஒன்று இருக்கிறது. ஒரு முனையிலிருந்து இனிப்பு வைத்துக்கொண்டே வந்தால், மறு முனைக்கு வரும்போது அது இரண்டாம் மரியாதை. சமையல் காண்ட்ராக்டரிடம் பேசி, இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொடங்குவதாக ஏற்பாடு. கூப்பிடுவதும் அப்படியே. மைக்கில் “முதல் பந்தி தயார்” என்றால் பெரியவர் அசைய மாட்டார், கையைப் பிடித்து அழைக்க வேண்டும். நான் ஒருவரை அழைத்த அதே நிமிடம் என் மைத்துனர் மற்றவரை அழைப்பார். போதாக்குறைக்குப் பெரியவர் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருகிறார், சின்னவர் தாம்பரத்திலிருந்து காரில். சனிக்கிழமை மாலை கூடுவாஞ்சேரியில் கார் நின்றுவிட்டால் என் திட்டம் முழுக்க அங்கேயே நிற்கும்.

இத்தனையும் சரியாகப் போனாலும் எல்லாம் கெடுகிற இடம் ஒன்று உண்டு. கை கழுவும் இடம். பந்தியில் எல்லாரும் ஒன்றாக எழுவதுதான் வழக்கம். இந்த மண்டபத்திலோ குழாய் ஒரு பக்கம் மட்டும். எங்கள் சொந்தத்தில் நான் பார்த்த பெரிய சண்டைகள் இலை முன்னால் நடந்ததில்லை, ஈரக் கையோடு கர்ச்சீப் தேடும்போதுதான் நடந்தன. ஆகவே பெரியவருக்குக் குழாய்ப் பக்க முனை. சின்னவர் முனையில் ஐஸ்கிரீம் இரண்டாவது கப் வரும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் சாப்பிடுவார். அந்த நான்கு நிமிடம்தான் எனக்கு வேண்டியது.

அந்த நான்கு நிமிடத்துக்கு நிற்கத்தான் உங்கள் ஆள் வேண்டும். எனக்கு மேடையில் மாப்பிள்ளை வீட்டாரோடு போட்டோவுக்கு நிற்க வேண்டியிருக்கும், மைத்துனர் மொய் மேஜையை விட்டு வர முடியாது. பார்வையாளர் பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். சாப்பாடு மூன்றாவது பந்தியில் உறுதி. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் பையில் வைத்துக்கொள்ளட்டும். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று யாராவது கேட்டால், தயவு செய்து மாப்பிள்ளை வீடு என்று சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாக்காளன்