புகழ் இரண்டு பத்தி, தேதி அரை வரி

பெர்லினில் நடக்கும் மாநாட்டில் பேச மதுரைப் பேராசிரியர் ஒருவரை அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் அவரது ஆய்வைப் பற்றி இரண்டு பத்திக்குப் புகழாரம். விசா அதிகாரி அதைப் படிக்கப்போவதில்லை. பதிவு உறுதியா, எங்கே தங்குகிறார், செலவு யாருடையது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதுதான் அவருக்கு வேண்டும்.

கடிதம் சொல்வதோ, ஜூன் 10 முதல் 12 வரை மாநாடு என்று மட்டும். பேராசிரியரின் விமானம் 9ஆம் தேதி இறங்கி, 13ஆம் தேதி கிளம்புகிறது. ஷெங்கன் கணக்கில் வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் தங்கும் நாள்களே, ஆக, ஐந்து. கடிதத்தை அப்படியே நம்பி அதிகாரி மூன்று நாள் கொடுத்தால், நிறைவு விழாவில் பேராசிரியர் கைதட்டுவது சட்டவிரோதமாகத்தான்.

தங்குமிடம்? “ஏற்பாடு செய்யப்படும்.” விடுதியின் பெயரோ முகவரியோ கிடையாது.

திருத்திய கடிதம் கேட்கலாம். விண்ணப்பத்தைப் பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அமைப்பாளர் உடனே பதில் அனுப்புகிறார்: தான் விடுமுறையில் இருப்பதாக.